நாக் குழு வந்து சென்ற பிறகு: மதிப்பீட்டாளர்களுக்கும் வெளி நிபுணருக்கும் முறையாக நன்றி தெரிவிப்பது எப்படி

கல்லூரியில் உள்தர உறுதி மையத்தின், அதாவது நாம் அன்றாடம் ஐ.க்யூ.ஏ.சி. என்று சொல்லும் பிரிவின், பொறுப்பைப் புதிதாக ஏற்றுக்கொண்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரச்சான்று வழங்கும் நாக் அமைப்புக்குத் தன்னாய்வு அறிக்கை தயாரிப்பதற்கும், அதிலுள்ள தரவுகளைச் சரிபார்க்கும் டி.வி.வி. கேள்விகளுக்குப் பதில் அளிப்பதற்கும், நேரில் பார்வையிட நாக் அனுப்பும் குழுவின் வருகைக்கு ஆயத்தம் செய்வதற்கும் கையேடுகளும் பயிலரங்குகளும் நிறையக் கிடைக்கின்றன. குழு விடைபெற்ற மறுநாள் முதல்வர் உங்களை அழைத்து, "எல்லாருக்கும் ஒரு நன்றிக் கடிதம் போட்டுவிடுங்கள், ஏதாவது மரியாதையும் செய்துவிடுவோம்" என்று சொல்லும்போதுதான், யாருக்கு, எப்போது, எந்த அளவுக்கு என்று எங்குமே எழுதி வைக்கப்படவில்லை என்பது தெரிய வரும். நானும் பிற கல்லூரிகளின் ஒருங்கிணைப்பாளர்களிடமும், எங்கள் தணிக்கையாளரிடமும், கணக்குப் பிரிவிலும் கேட்டுக் கேட்டே இதைத் தொகுத்துக்கொண்டேன். நாக் தன் நடைமுறைகளை அவ்வப்போது மாற்றிக்கொண்டே வருவதால், உங்கள் சுற்றுக்கு உரிய கையேட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

1. முதலில் இரண்டு பட்டியல்களைத் தனித்தனியாகப் போடுங்கள்

நன்றிக்கு உரியவர்கள் அனைவரையும் ஒரே பட்டியலில் எழுதி, அனைவருக்கும் ஒரே கடிதத்தையும் ஒரே நினைவுப் பரிசையும் ஏற்பாடு செய்வதுதான் பெரும்பாலான கல்லூரிகளில் நடக்கிறது. பின்னால் வரும் சிக்கல்களில் பாதி இங்கேயே தொடங்கிவிடுகிறது.

முதல் பட்டியலில் நாக் அனுப்பிய குழுவினர் இருப்பார்கள். தலைவர், உறுப்பினர் ஒருங்கிணைப்பாளர், உறுப்பினர் என்று வருபவர்கள் பொதுவாக வெளிமாநிலத்தவர்கள். அவர்களுடைய பயணப்படியும் மதிப்பூதியமும் நாக் வழியாகவே செல்கின்றன. அவர்களுக்குக் கல்லூரி நேரடியாகப் பணம் கொடுக்கும் இடமே இந்த நடைமுறையில் கிடையாது. பரிசு வாங்கக் கூடாது என்ற நடத்தை விதிக்கும் அவர்கள் கட்டுப்பட்டவர்கள். ஆகவே இவர்களுக்குச் சொல்லால் மட்டுமே நன்றி தெரிவிக்க முடியும்.

இரண்டாவது பட்டியலில் வெளி நிபுணர் இருப்பார். குழு வருவதற்கு முன்பு கல்வி, நிர்வாகத் தணிக்கை செய்தவர், ஒத்திகை வருகைக்கு வந்து குறைகளைச் சுட்டிக்காட்டியவர், தன்னாய்வு அறிக்கையின் வரைவைப் படித்துத் திருத்தியவர் என்று அவர் எந்த வகையில் உதவியிருந்தாலும், அவரைக் கல்லூரிதான் அழைத்தது. எனவே மதிப்பூதியம், பயணச் செலவு, சான்றிதழ், விழா மேடை மரியாதை ஆகிய அனைத்தும் அவருக்குச் செய்யத் தக்கவை. செய்ய வேண்டியவையும்கூட.

இந்த இரண்டு பட்டியல்களிலும் ஒரே பெயர் இடம்பெறக் கூடாது. குழுவில் வந்த ஒருவரை, "சார், அடுத்த முறை நீங்களே வந்து எங்களுக்கு வழிகாட்டுங்கள்" என்று ஆலோசகராக அழைப்பதும், அடுத்த பட்டமளிப்பு விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக மதிப்பூதியத்துடன் அழைப்பதும் நன்றியுணர்வால் செய்யப்படுபவையாக இருக்கலாம். ஆனால் கோப்பைப் படிக்கும் மூன்றாம் மனிதருக்கு அது பின்னால் கொடுக்கப்பட்ட கைமாறாகவே தெரியும். தரச்சான்று செல்லுபடியாகும் ஐந்து ஆண்டுகளுக்காவது அந்த அழைப்பைத் தவிர்ப்பது நல்லது என்பது என் கருத்து.

2. நிறைவுக் கூட்டத்தில் சொல்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள்

வருகையின் கடைசி நாளில் நடக்கும் நிறைவுக் கூட்டத்தில்தான் மதிப்பீட்டாளர்களுக்கு நேரில் நன்றி சொல்ல முடியும். குழுவின் அறிக்கையை முதல்வர் படித்துப் பார்த்துக் கையொப்பமிட்டு, கல்லூரிக்கு உரிய பிரதியைப் பெற்றுக்கொண்ட பிறகு நன்றியுரை இடம்பெற வேண்டும். அதை முதல்வரே சொல்வது முறை. மூன்று நிமிடங்களுக்கு மேல் போக வேண்டியதில்லை. குழுவினர் அடுத்து விமானத்துக்கோ ரயிலுக்கோ கிளம்ப வேண்டியவர்கள் என்பதால், துறைத்தலைவர் ஒவ்வொருவரும் மேடையேறிப் பேசும் வழக்கத்தை அன்று ஒருநாள் ஒத்திவையுங்கள்.

அந்த உரையில் மூன்று விஷயங்கள் இருக்கக் கூடாது. தரப்புள்ளியைப் பற்றிய எதிர்பார்ப்பு இருக்கக் கூடாது. "எங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்" என்பது போன்ற வேண்டுகோள் இருக்கக் கூடாது. அறிக்கையில் குறையாகச் சொல்லப்பட்ட ஒன்றுக்கு அந்த இடத்தில் விளக்கம் கொடுக்கவும் கூடாது. மூன்றாவதைத்தான் நம்மவர்கள் அதிகம் செய்கிறார்கள். ஆய்வுக் கட்டுரைகள் குறைவு என்று அறிக்கையில் எழுதப்பட்டிருந்தால், நன்றியுரையின் நடுவே அதற்குக் காரணம் சொல்லத் தொடங்குகிறோம், கூட்டத்தின் இறுக்கமும் அங்கேயே கூடிவிடுகிறது.

அடுத்தது பொன்னாடை. மேடைக்கு வந்தவருக்குப் பொன்னாடை போர்த்தாமல் அனுப்புவது நமக்கு மனம் ஒப்பாத காரியம்தான். ஆனாலும் இங்கே போர்த்தாதீர்கள். மரத்தாலான கேடயம், பட்டுப்புடவை, வெள்ளி விளக்கு, ஊர்ப் பெயர் போட்ட அல்வாப் பெட்டி என்று எதுவும் வேண்டாம். குழுவினரில் ஒருவர் மறுத்துக் கை கூப்ப, இன்னொருவர் எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று தலைவரின் முகத்தைப் பார்க்க, கல்லூரிச் செயலர் பையை நீட்டியபடியே நிற்கும் அந்தச் சில நொடிகள் இரு தரப்புக்குமே சங்கடமானவை. அறையில் வைத்துவிட்டு வருவதும், ஓட்டுநரிடம் கொடுத்து வண்டியில் ஏற்றச் சொல்வதும் இதைவிட மோசம். நேரில் மறுக்கும் வாய்ப்பைக்கூட அவர்களிடமிருந்து அது பறித்துவிடுகிறது.

இதை அளவுக்கு மீறிய எச்சரிக்கை என்று நிர்வாகத்தில் யாராவது சொன்னால், 2025 பிப்ரவரி மாதத் தொடக்கத்தில் நடந்ததை நினைவூட்டுங்கள். ஆந்திர மாநிலம் குண்டூர் மாவட்டத்தில் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தைப் பார்வையிட்ட நாக் குழுவின் தலைவரையும் உறுப்பினர்களையும், உயர்ந்த தரம் தருவதற்காக லஞ்சம் பெற்றார்கள் என்ற குற்றச்சாட்டில் சி.பி.ஐ. கைது செய்தது. பணத்தோடு தங்கம், கைப்பேசி, மடிக்கணினி ஆகியவையும் கைமாறியதாகச் சொல்லப்பட்டது. கொடுத்ததாகச் சொல்லப்பட்ட தரப்பினரும் கைதானார்கள் என்பதை நிர்வாகக் குழுவில் தனியாக அழுத்திச் சொல்லுங்கள். உங்கள் அல்வாப் பெட்டி அந்த வகையைச் சேர்ந்தது அல்ல என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் அந்த வேறுபாட்டை எழுத்தில் நிறுவ வேண்டிய நிலைக்கு ஒரு கல்லூரி ஏன் தன்னைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும்?

கோயில் தரிசனமும் இதே கணக்கில்தான் வரும். வெளிமாநிலத்திலிருந்து வருபவர்கள் மதுரைக்கோ ராமேசுவரத்துக்கோ போக விரும்புவது இயல்பு. வழி கேட்டால் சொல்லுங்கள். நடை சாத்தும் நேரத்தையும் சொல்லுங்கள். கல்லூரிச் செலவில் வண்டியும் சிறப்புத் தரிசனமும் ஏற்பாடு செய்யாதீர்கள்.

3. முடிவு வெளியாகும் வரை எழுத்தில் எதுவும் அனுப்பாதீர்கள்

வருகை முடிந்த மறுநாளே கடிதம் அனுப்புவதுதான் பண்பு என்று தோன்றும். வேறு விருந்தினர் என்றால் நானும் அதையே சொல்வேன். இங்கே, குழு கிளம்பிய நாளுக்கும் முடிவு அதிகாரபூர்வமாக வெளியாகும் நாளுக்கும் இடைப்பட்ட காலத்தில் மதிப்பீட்டாளர்களுடன் கல்லூரி நேரடித் தொடர்பு வைத்துக்கொள்ளாமல் இருப்பதே பாதுகாப்பானது. கடிதம், மின்னஞ்சல், கைப்பேசியில் வாழ்த்துச் செய்தி, பண்டிகை வாழ்த்து ஆகிய அனைத்துக்கும் இது பொருந்தும். குழுவினரின் எண்களைச் சேமித்து வைத்திருக்கும் ஆசிரியர்களுக்கும் இதை ஒரு சுற்றறிக்கையாகவே தெரிவித்துவிடுங்கள். ஏனெனில் தீபாவளியும் பொங்கலும் வந்தால் யாராவது ஒருவர் கட்டாயம் அனுப்பிவிடுவார்.

இன்னொரு பொறி முடிவு வந்த பின்னரும் காத்திருக்கிறது. தரப்புள்ளி எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்தால் மேல்முறையீடு செய்ய நாக்கில் வழி உண்டு, அதற்குக் காலக்கெடுவும் உண்டு. மேல்முறையீடு செய்வதா வேண்டாமா என்று நிர்வாகம் தீர்மானிப்பதற்கு முன்பே, "குழுவின் மதிப்பீட்டில் முழு நிறைவு அடைகிறோம்" என்று எழுதி அனுப்பிவிட்டால், பிறகு அந்த மதிப்பீட்டையே கேள்வி கேட்கும்போது உங்கள் கையொப்பமே உங்களுக்கு எதிராக நிற்கும். எனவே முடிவு வந்ததும் ஐ.க்யூ.ஏ.சி. கூட்டத்தைக் கூட்டி, முடிவை ஏற்றுக்கொள்வதாகத் தீர்மானம் போட்டு, அதை நிர்வாகக் குழுவும் ஒப்புக்கொண்ட பின் கடிதத்தைத் தயாரியுங்கள். தீர்மானம் ஆன ஒரு வாரத்துக்குள் அனுப்பிவிடலாம்.

4. மதிப்பீட்டாளர்களுக்கான கடிதம்

முதன்மைக் கடிதம் பெங்களூரில் உள்ள நாக் தலைமையகத்துக்கு, இயக்குநர் பெயரிட்டுச் செல்ல வேண்டும். உங்கள் வருகையை ஒருங்கிணைத்த நாக் அதிகாரியை அதில் குறிப்பிட்டு, குழுவினருக்கும் நன்றியைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்ளுங்கள். குழுவினர் மூவருக்கும் தனிக் கடிதம் அனுப்ப விரும்பினால், மூன்றும் ஒரே வாசகத்தில், கல்லூரியின் கடிதத்தாளில், முதல்வர் கையொப்பத்துடன், அவரவர் பணியாற்றும் நிறுவனத்தின் முகவரிக்கு விரைவு அஞ்சலில் செல்லட்டும். வீட்டு முகவரிக்கு அனுப்ப வேண்டாம். தலைவருக்குப் புகழ்ச்சியான ஒன்றும் உறுப்பினருக்குச் சுருக்கமான ஒன்றும் எழுதுவதும் வேண்டாம். செலவு என்று பார்த்தால் அஞ்சல் கட்டணம் மட்டுமே.

கடிதத்தில் பெரும்பாலோர் தவறும் இடம் ஒன்று உண்டு. "எங்களுக்கு இந்தத் தரத்தை வழங்கியமைக்கு நன்றி" என்று எழுதுகிறார்கள். அது பண்புக்கும் பொருந்தாது, உண்மைக்கும் பொருந்தாது. மொத்த மதிப்பெண்ணில் பெரும்பகுதி அளவுசார் குறியீடுகளிலிருந்து, தரவுச் சரிபார்ப்புக்குப் பிறகு கணக்கிடப்படுகிறது. நேரில் வரும் குழு பண்புசார் குறியீடுகளை மதிப்பிடுகிறது. இறுதி முடிவை நாக் அறிவிக்கிறது. குழுவினர் தங்களுக்குத் தரம் கொடுத்தார்கள் என்று கல்லூரியே எழுதித் தருவது, அவர்களையும் நெருக்கடிக்கு உள்ளாக்கும் வாசகம். அவர்கள் செலவழித்த நேரத்துக்கும், கேட்ட கேள்விகளுக்கும், தந்த பரிந்துரைகளுக்கும் நன்றி சொல்லுங்கள்.

வெளிமாநிலத்தவருக்கு ஆங்கிலத்தில்தான் அனுப்ப வேண்டியிருக்கும். இருந்தாலும் சாரம் விளங்குவதற்காக ஒரு மாதிரியைத் தமிழில் தருகிறேன்:

"எங்கள் கல்லூரிக்கு வருகை தந்து, துறைகளையும் நூலகத்தையும் விடுதியையும் பொறுமையாகப் பார்வையிட்டு, ஆசிரியர், மாணவர், பெற்றோர், முன்னாள் மாணவர் ஆகிய அனைவருடனும் உரையாடியமைக்கு நன்றி தெரிவித்துக்கொள்கிறோம். தாங்கள் அளித்த பரிந்துரைகளில், முதலாண்டு மாணவர்களுக்கான இணைப்புப் பாடத்தை முறைப்படுத்துவது பற்றிய பரிந்துரையை வரும் கல்வியாண்டிலேயே நடைமுறைப்படுத்த எங்கள் ஐ.க்யூ.ஏ.சி. தீர்மானித்துள்ளது என்பதைத் தெரிவிக்க விரும்புகிறோம்."

இரண்டாவது வாக்கியம்தான் இந்தக் கடிதத்தின் உயிர். அறிக்கையின் பரிந்துரைப் பகுதியிலிருந்து, நீங்கள் உண்மையிலேயே செய்யப்போகிற ஒன்றை மட்டும் எடுத்து அங்கே வையுங்கள். நான்கைந்தை அடுக்கினால் அவை வாக்குறுதிகளாகிவிடும். அடுத்த சுற்றில் அவற்றின் நிலை என்ன என்று உங்கள் பின்னவர் பதில் சொல்ல வேண்டிவரும்.

குழுவினரின் படங்களுடன் வாயிலில் ஃபிளெக்ஸ் வைப்பதையும், நிறைவுக் கூட்டப் படங்களை "எங்களுக்கு உயர்தரம் அளித்த சான்றோர்" என்ற தலைப்பில் சமூக வலைத்தளத்தில் போடுவதையும் நன்றியாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

5. வெளி நிபுணருக்கு முதலில் கணக்கைத் தீருங்கள்

வெளி நிபுணருக்குச் செய்யும் முதல் மரியாதை, அவருக்குச் சேர வேண்டிய தொகையை இழுத்தடிக்காமல் கொடுப்பது. விழா எடுத்துப் பொன்னாடை போர்த்திய பிறகும், ஆறு மாதத்துக்கு முந்தைய பயணச் சீட்டின் அசலைக் கேட்டு அவருக்குத் தொலைபேசியில் பேசும் கல்லூரிகள் இருக்கின்றன.

இதற்கான ஆவணங்களை அவர் வரும் நாளிலேயே திரட்டிக்கொள்ளுங்கள். அவரை அழைப்பதற்கான ஐ.க்யூ.ஏ.சி. தீர்மானம், முதல்வர் கையொப்பமிட்ட அழைப்புக் கடிதம், ஒரு நாளுக்கான மதிப்பூதியம் எவ்வளவு என்ற ஒப்புதல் ஆகிய மூன்றும் அவர் வருவதற்கு முந்தைய தேதியில் இருக்க வேண்டும். வந்த அன்று வாங்க வேண்டியவை பான் எண், வங்கிக் கணக்கு விவரம், பயணச் சீட்டுகள், அவர் கையொப்பமிட்ட பயணப்படிப் படிவம், மதிப்பூதியப் பற்றுச்சீட்டு. ரொக்கமாகக் கொடுப்பதைத் தவிர்த்து வங்கி வழியே அனுப்புங்கள். தவிர்க்க முடியாமல் 5,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், பற்றுச்சீட்டில் ஒரு ரூபாய் வருவாய் முத்திரை ஒட்டிக் கையொப்பம் வாங்க மறக்காதீர்கள். கிளம்பும்போது அவர் கையில் நீங்கள் கொடுக்க வேண்டியது வருகைச் சான்றிதழ். பணியில் இருக்கும் பேராசிரியருக்கு, வெளிப்பணியில் இருந்ததாகக் கணக்கிடும் ஓ.டி. விடுப்பை முறைப்படுத்த அது தேவைப்படும். மறுநாளே அவர் கல்லூரியில் கேட்பார்கள்.

வருமான வரிப் பிடித்தத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டோடு சொன்னால் எளிதாகப் புரியும். ஒருவரை ஜூலை மாதத்தில் கல்வித் தணிக்கைக்கு அழைத்து, வரைவைத் திருத்தியதற்கும் சேர்த்து 30,000 ரூபாய் கொடுக்கிறீர்கள். நவம்பரில் ஒத்திகை வருகைக்கு மீண்டும் அழைத்து 24,000 ரூபாய் கொடுக்க வேண்டியிருக்கிறது. தொழில்முறைக் கட்டணத்துக்கான வரம்பு 2025 ஏப்ரல் முதல் ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாய் என்பதால் ஜூலையில் பிடித்தம் தேவைப்பட்டிருக்காது. நவம்பரில் கூட்டுத்தொகை 54,000 ஆகி வரம்பைத் தாண்டுகிறது. அப்போது மீறிய 4,000 ரூபாய்க்கு மட்டும் பிடித்தால் போதாது. முழு 54,000 ரூபாய்க்கும் 10 சதவீதமாக 5,400 ரூபாயைப் பிடிக்க வேண்டும். ஆகவே நவம்பரில் அவர் கைக்குச் செல்வது 18,600 ரூபாய். பான் எண் இல்லாவிட்டால் விகிதம் 20 சதவீதமாகிவிடும். 24,000 வரும் என்று எதிர்பார்த்திருப்பவருக்கு 18,600 வந்து சேர்ந்தால், எவ்வளவு அழகான நன்றிக் கடிதமும் அந்த வருத்தத்தை ஆற்றாது. எனவே பிடித்தத்தைப் பற்றி முன்கூட்டியே அவரிடம் நேரில் சொல்லிவிட்டு, உரிய காலத்தில் பிடித்தச் சான்றிதழையும் அனுப்பிவையுங்கள். பயணச் செலவை இந்தக் கணக்கில் சேர்ப்பதா தவிர்ப்பதா என்பதை உங்கள் தணிக்கையாளர் முடிவு செய்யட்டும். அதற்கு வசதியாகப் பயணச் செலவையும் மதிப்பூதியத்தையும் வெவ்வேறு வவுச்சர்களில் வையுங்கள்.

மதிப்பூதியத்தைத் தரப்புள்ளியோடு இணைக்கும் எந்த ஏற்பாட்டுக்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள். "கிரேடு வந்த பிறகு மீதியைப் பார்த்துக்கொள்ளலாம்" என்று வாய்மொழியாகப் பேசுபவர் நிபுணராக இருந்தாலும் நிர்வாகியாக இருந்தாலும், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். குழுவின் வருகைக்கு முன்பே நிபுணருடைய கணக்கு முழுவதும் முடிந்திருக்க வேண்டும். முடிவு வெளியான பின் அவருக்குப் போகும் ஒவ்வொரு ரூபாய்க்கும் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

6. நிபுணருக்கான கடிதமும் மரியாதையும்

பணம் முடிந்த பிறகு எழுதும் கடிதத்தில் தாராளமாக எழுதலாம். இங்கே பொதுவான புகழ்ச்சியைவிட, அவர் செய்த பணியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதே அவருக்குப் பயன்படும். அந்தக் கடிதத்தை அவர் தம் பணிக் கோப்பில் வைப்பார், பதவி உயர்வு நேர்காணலிலும் காட்டக்கூடும். எனவே வந்த தேதிகள், செய்த பணி, அதனால் கல்லூரி மாற்றிக்கொண்டது ஆகிய மூன்றும் அதில் இருக்கட்டும்.

"மதிப்பிற்குரிய ஐயா, கல்வி, நிர்வாகத் தணிக்கைக்காகத் தாங்கள் இரண்டு நாட்கள் எங்கள் கல்லூரிக்கு வந்தபோது, துறைக் கூட்டக் குறிப்புகளில் எடுத்த முடிவுகள் இருக்கின்றனவே தவிர, அவை நிறைவேறியதற்கான பதிவுகள் இல்லை என்பதைச் சுட்டிக்காட்டினீர்கள். அதன் பிறகு பதினான்கு துறைகளிலும் நடவடிக்கை அறிக்கை எழுதும் வழக்கத்தைக் கொண்டுவந்தோம். நாக் குழுவினர் துறைகளுக்கு வந்தபோது அந்தப் பதிவேடுகளையே முதலில் எடுத்து வைக்க முடிந்தது. தங்கள் உழைப்புக்கு எங்கள் மனமார்ந்த நன்றி."

துறைகளின் எண்ணிக்கையையும் குறையையும் உங்கள் கல்லூரிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். அம்மையார் என்றால் விளியை மாற்ற மறக்காதீர்கள். பழைய கோப்பைத் திறந்து பெயரை மட்டும் மாற்றி அனுப்பும்போது நிகழும் பிழை இது.

முடிவு வந்த பிறகு கல்லூரியில் நடக்கும் பாராட்டு விழாவுக்கு இவரை அழையுங்கள். பொன்னாடையும் கேடயமும் இவருக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். விழாவுக்கு வர அவருக்குப் பயணச் செலவு கொடுப்பதாக இருந்தால் அழைப்பிலேயே எழுதிவிடுங்கள். இல்லையென்றால் அவர் தம் கைக்காசைச் செலவழித்து வந்து மரியாதை பெற்றுத் திரும்புவார். அவரை விடுவித்து அனுப்பிய கல்லூரி முதல்வருக்கும் ஒரு தனிக் கடிதம் அனுப்புங்கள். இதைச் செய்யும் கல்லூரிகள் குறைவு. ஆனால் அடுத்த முறை அதே கல்லூரியிலிருந்து ஒருவரை அழைக்கும்போது ஓ.டி. அனுமதி எளிதாகக் கிடைக்க இது உதவும்.

7. கோப்பை மூடும் முன்

இரண்டு பட்டியல்களுக்கும் இரண்டு தனிக் கோப்புகள் வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பீட்டாளர் கோப்பில் நாக்குக்கு அனுப்பிய கடிதத்தின் பிரதி, தனிக் கடிதங்கள் அனுப்பியிருந்தால் அவற்றின் பிரதிகள், அஞ்சல் ரசீதுகள், முடிவை ஏற்ற தீர்மானம் ஆகியவை மட்டுமே இருக்கும். ஒரே ஒரு செலவு வவுச்சர்கூட அதில் இருக்காது. நினைவுப் பரிசு, விருந்தினர் மரியாதை என்ற தலைப்புகளில் வருகை நடந்த மாதத்தில் கணக்குப் பிரிவு ஏதாவது பில் போட்டிருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நிபுணர் கோப்பில் தீர்மானம் முதல் வரிப் பிடித்தச் சான்றிதழ் வரை எல்லாமே இருக்க வேண்டும். அவர் தந்த தணிக்கை அறிக்கையையும், அதன் மீது கல்லூரி எடுத்த நடவடிக்கைக் குறிப்பையும் அதே கோப்பில் சேர்த்து வைத்தால், அடுத்த ஆண்டறிக்கை தயாரிக்கும்போது இன்னொரு முறை தேட வேண்டியிராது.